பாட்டின் பேர் தெரியாது, நீளம் தெரியும்

என் பெரியப்பா மகன், எனக்கு அண்ணன், 1983 முதல் 1987 வரை குன்னூர் பக்கம் ஒரு தேயிலை ஃபேக்டரியில் வேலை பார்த்தார். தினமும் காலையில் முந்தைய நாள் தூளை ருசி பார்க்கும் அறையில் அவர்தான் உதவியாள். அங்கே டீ டேஸ்டர் ஒரு டேப் ரெக்கார்டர் வைத்திருந்தார். வேலை தொடங்கும்போது பெரும்பாலும் ஒரே கேசட்டைத்தான் போடுவார். அதில் முதல் பாட்டு இங்கிலீஷ் பாட்டு. ரொம்ப நேரம் வெறும் இசையாகவே போகும், அப்புறம் மெதுவாக ஒரு ஆள் பாட ஆரம்பிப்பார், கடைசியில் கிட்டார் மட்டும் வேகமெடுத்து ஓடும். இவ்வளவுதான் அண்ணனுக்கு நினைவு. பாடியது யார், எந்தக் குழு, ஒரு வரியாவது? எதுவும் தெரியாது. அந்தப் பாட்டை மறுபடி கேட்க வேண்டும் என்று அவர் பல வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். கண்டுபிடித்துவிட்டோம். கண்டுபிடித்த வழி மற்றவர்களுக்கும் உதவும் என்பதால் எழுதுகிறேன்.

முதலில் எல்லோரும் செய்வதைத்தான் செய்தோம். கைபேசியில் முனகிக் காட்டினால் பாட்டைச் சொல்லும் வசதி இருக்கிறதே, அதில் அண்ணன் முனகிப் பார்த்தார். பலனில்லை. அதில் வியப்பும் இல்லை. அந்த வசதிக்கு ஒரு மெட்டு வேண்டும், நாலைந்து சுரமாவது சரியான வரிசையில் வர வேண்டும். அண்ணனிடம் இருந்தது மெட்டு அல்ல, பாட்டின் போக்கு. எங்கே சும்மா இருந்தது, எங்கே குரல் வந்தது, எங்கே உச்சத்துக்குப் போனது என்பது மட்டும். போக்கை வைத்துத் தேட வேண்டுமென்றால் அதை நிமிடக் கணக்காக மாற்றியாக வேண்டும்.

"எவ்வளவு நேரம் ஓடும்ணா?" என்று கேட்டால், "அது ஓடும்டா, அரை மணி நேரம்" என்பார். இந்தப் பதிலை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. மெதுவாக வளரும் பாட்டு மனதில் நீண்டுவிடும். அதனால் நேரத்தைக் கேட்பதை விட்டுவிட்டு, பாட்டு ஓடும்போது கை என்ன செய்துகொண்டிருந்தது என்று கேட்டேன். இந்தத் தேடலில் எங்களுக்குக் கிடைத்த மிக உருப்படியான தகவல் அந்தக் கேள்விக்கு வந்த பதில்தான்.

ருசி பார்க்கும் வேலைக்கு ஒரு நிலையான ஒழுங்கு உண்டு. வரிசையாக மூடி போட்ட வெள்ளைப் பீங்கான் கோப்பைகள், ஒவ்வொன்றின் முன்னாலும் ஒரு கிண்ணம். எடை போட்ட தூள் கோப்பையில் இருக்கும். கொதிக்கும் தண்ணீரை வரிசையாக ஊற்றி, மூடி போட்டு, நேரம் வைக்க வேண்டும். அவர்கள் ஃபேக்டரியில் அது ஐந்து நிமிடம். மணி அடித்ததும் கோப்பையைக் கிண்ணத்தின் மேல் படுக்க வைத்தால் சாறு வடிந்து, இலை கோப்பையிலேயே தங்கும். அப்புறம் டேஸ்டர் கரண்டியால் எடுத்து உறிஞ்சி, நாக்கில் சுழற்றித் துப்பியபடி வரிசையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நகர்வார்.

அண்ணன் சொன்னது இது. டேஸ்டர் பாட்டைப் போட்டதும் இவர் கெட்டிலைத் தூக்குவார். கடைசிக் கோப்பைக்கு மூடி போடும் சமயத்தில் பாடும் குரல் வந்திருக்கும். மணி அடிக்கும்போது பாட்டு நடுவில் இருக்கும், அதிலும் சத்தம் அடங்கியிருக்கும் இடம். டேஸ்டர் உறிஞ்சத் தொடங்கி வரிசையில் கொஞ்சம் போனதும் குரல் நின்றுவிடும், கிட்டார் மட்டும்தான். அவர் கோடிக்குப் போய்ச் சேரும்போது பாட்டு தேய்ந்து மறையும்.

இதை அவர் வீட்டுச் சமையலறையிலேயே செய்து பார்த்தோம். டம்ளர்களை மேடையில் வரிசையாக வைத்தோம், அண்ணி கெட்டிலில் தண்ணீர் காய வைத்துக் கொடுத்தார், நான் கைபேசியில் ஸ்டாப்வாட்சைப் பிடித்தேன். அண்ணனுக்கு எழுபதை நெருங்கும் வயது, ஆனால் கெட்டிலைப் பிடித்ததும் கை தானாகப் பழைய வேகத்துக்கு வந்துவிட்டது. ஊற்றி மூடி முடிக்க ஏறக்குறைய இரண்டு நிமிடம். மணிக்கு ஐந்து நிமிடம். கோப்பைகளைச் சாய்த்து வடிய விடுவதற்கு இரண்டு, மூன்று. வரிசையைச் சுவைத்து முடிக்க நாலு, ஐந்து. கூட்டினால் பதின்மூன்றிலிருந்து பதினைந்து. குரல் வரும் இடம் ஒன்றரை நிமிடத்துக்கும் மூன்றுக்கும் நடுவில்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். இப்படிக் கிடைக்கும் எண்ணை ஒற்றை எண்ணாகச் சுருக்கிவிடாதீர்கள். குறைந்தது இவ்வளவு, கூடினால் இவ்வளவு என்று இரண்டு முனைகளாகவே வைத்திருங்கள். அதோடு கேசட் என்றால் இரண்டு பக்கமும் இன்னும் கொஞ்சம் தளர்த்த வேண்டும். பழைய டேப் ரெக்கார்டர்கள் சரியான வேகத்தில் ஓடியதில்லை. நூற்றுக்கு மூன்று பங்கு மெதுவாக ஓடினாலே பதினாலு நிமிடப் பாட்டு அரை நிமிடம் போல நீண்டுவிடும். பேட்டரி இறங்கிய ரெக்கார்டர் என்றால் இன்னும் அதிகம். அதனால் நான் எடுத்துக்கொண்ட எல்லை பன்னிரண்டிலிருந்து பதினாறு நிமிடம்.

நீளத்தை வைத்துத் தேட எனக்குத் தெரிந்து மிகவும் உதவும் இடம் musicbrainz.org. யார் வேண்டுமானாலும் தகவல் சேர்க்கக்கூடிய இசைத் தகவல் களஞ்சியம் அது. தேடல் பக்கத்தில் வகைக்கு Recording என்றும், தேடும் முறைக்கு Indexed search with advanced query syntax என்றும் தேர்ந்தெடுக்க வேண்டும். இந்த முறையில் dur என்பது பாட்டின் நீளம். அதை மில்லி செகண்டில் கொடுக்க வேண்டும், அதாவது நிமிடத்தை 60,000-ஆல் பெருக்க வேண்டும். எங்கள் கணக்குக்கு வந்தது இது:

```
dur:[720000 TO 960000] AND firstreleasedate:[1965 TO 1987] AND primarytype:album
```

1987 என்று முடித்ததற்குக் காரணம் அண்ணன் வேலையை விட்ட வருஷம். அதற்குப் பிறகு வந்த பாட்டை அவர் அந்த அறையில் கேட்டிருக்க முடியாது. தொடக்கத்தை மட்டும் தாராளமாக விட்டேன். பழைய ஆல்பம் எத்தனை வருஷம் கழித்து வேண்டுமானாலும் மலைக்கு வந்து சேர்ந்திருக்கலாம்.

இப்படித் தேடினால் பட்டியல் கொட்டும். மேற்கத்திய செவ்வியல் இசை, ஜாஸ், கச்சேரிப் பதிவுகள் எல்லாம் சேர்ந்து வரும். அண்ணன் சொன்ன எலக்ட்ரிக் கிட்டார், டிரம்ஸ், பியானோ, கனத்த ஆண் குரல் எல்லாம் ராக் இசையைக் காட்டின. அதனால் கடைசியில் AND tag:rock என்று சேர்த்துப் பார்த்தேன், பட்டியல் நன்றாகச் சுருங்கியது. ஆனால் இந்த வகைப் பெயர்களை ஒட்டுவது பயனர்கள். ஒட்டப்படாத பாட்டு இந்தத் தேடலில் வராது. நீளமே பதிவாகாத பாட்டுகளும் அப்படித்தான். ஆகவே சுருக்கிய பட்டியலில் கிடைக்கவில்லை என்றால் பாட்டே இல்லை என்று நினைக்காமல், பெரிய பட்டியலுக்குத் திரும்பிப் போக வேண்டும்.

பட்டியலில் உள்ள எல்லாவற்றையும் முழுதாகக் கேட்க ஆயுள் போதாது, கேட்கவும் தேவையில்லை. இரண்டே இடங்களைத் தொட்டுப் பார்த்தால் போதும். முக்கால் நிமிடத்தில் வைத்துப் பாருங்கள். அங்கேயே பாடிக்கொண்டிருந்தால் அது இல்லை. மூன்றரை நிமிடத்தில் வையுங்கள். அங்கும் குரல் வரவில்லையென்றால், அதன் பக்கத்தில் கொஞ்சம் முன்னும் பின்னும் நகர்த்திப் பாருங்கள். குரலின் சாயலே இல்லையென்றால் அதையும் விட்டுவிடலாம். வரிகளைப் பாட்டோடு சேர்த்து ஓட விடும் செயலிகளில் இது இன்னும் சுலபம். முதல் வரியைத் தட்டினால் அது தொடங்கும் நிமிடத்துக்கே போய் நிற்கும்.

குரல் வரும் இடம்தான் சல்லடைகளில் மிக நுண்ணியது என்பது என் அனுபவம். மொத்த நீளம் ஒத்துப்போகும் பாட்டுகள் நிறைய இருக்கும். முன்னிசையின் நீளமும் சேர்ந்து ஒத்துப்போவது அபூர்வம். எங்கள் பட்டியலில் நின்ற பெரிய பாட்டுகளைப் பாருங்கள். பிங்க் ஃபிளாய்டின் ‘ஷைன் ஆன் யூ கிரேஸி டயமண்ட்’ பாட்டின் முதல் பகுதி பதின்மூன்று நிமிடத்துக்கு மேல் ஓடும், மெல்ல மெல்ல வளரும், 1975-இல் வந்தது. நீளம் பொருந்துகிறது, போக்கும் பொருந்துகிறது. ஆனால் அதில் குரல் வர எட்டு நிமிடத்துக்கு மேல் ஆகும். அண்ணன் கணக்கில் அதற்குள் மணியே அடித்திருக்கும். எல்டன் ஜானின் ‘ஃபியூனரல் ஃபார் எ ஃபிரெண்ட்’ என்று தொடங்கும் பாட்டு மொத்தம் பதினோரு நிமிடம், அது எங்கள் எல்லைக்குச் சற்றுக் கீழே. சந்தேகத்துக்கு அதையும் பார்த்தேன், அதிலும் ஐந்து நிமிடத்துக்கு மேல் வெறும் இசைதான். டெம்ப்டேஷன்ஸ் குழுவின் ‘பாப்பா வாஸ் எ ரோலிங் ஸ்டோன்’ ஆல்பத்தில் ஏறத்தாழ பன்னிரண்டு நிமிடம். குரல் வர நாலு நிமிடம் போல ஆகும். அதைவிட முக்கியமாக, அதில் தொடக்கத்திலிருந்தே தாளம் இருக்கிறது. அண்ணன் பாட்டு தாளத்தில் தொடங்கவில்லை.

அது எப்படித் தெரியும்? அவரை வரையச் சொன்னேன். பழைய நாட்காட்டித் தாளின் பின்பக்கத்தில் இடமிருந்து வலமாக ஒரு கோடு. சத்தம் எங்கே ஏறுகிறது, எங்கே இறங்குகிறது என்று அதன் மேல் போடச் சொன்னேன். பென்சிலை வைத்ததும் ஓரமாக ஒரு நூல் போலக் கோடு இழுத்தார். "இங்க ஒண்ணுமே இருக்காது, காத்து மாதிரி ஒரு சத்தம்தான். அப்புறம் பியானோ" என்றார். பிறகு ஒரு மேடு. நடுவில் ஆழமாக ஒரு பள்ளம். அப்புறம் பெரிய ஏற்றம், கடைசியில் சட்டென்று தேய்வு.

‘மெதுவாக வளரும் பாட்டு’ என்று பொதுவாகச் சொல்வதற்குள் மூன்று வேறு விஷயங்கள் ஒளிந்திருக்கின்றன. கருவிகள் ஒவ்வொன்றாகச் சேரலாம். சத்தம் கூடலாம். வேகம் கூடலாம். கேட்பவருக்கு மூன்றும் ஒன்றாகத் தோன்றும். தனித்தனியாகக் கேட்டுவிட்டால் தேடலில் பாதி வேலை மிச்சம். அண்ணன் பாட்டில் கருவிகள் சேர்ந்தது தொடக்கத்தில், வேகமெடுத்தது கடைசியில். நடுவில் பள்ளம் இருக்கிறது என்பதும் பெரிய அடையாளம். ஒரே சரிவாக ஏறும் பாட்டுகள் பலவும் அதில் அடிபட்டுப் போயின.

இதைக் கண்ணால் சரிபார்க்க ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருள் போதும். பாட்டுக் கோப்பைத் திறந்தால் ஒலியின் உருவம் கோட்டுப் படமாக வரும், அதைப் பென்சில் படத்தின் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். ஒரு எச்சரிக்கை மட்டும். பிற்காலத்தில் மறுபடி செப்பனிட்டு வெளியிட்ட பதிப்புகளில் சத்தத்தைத் தூக்கிச் சமப்படுத்தியிருப்பார்கள். பள்ளமும் மேடும் படத்தில் தட்டையாகிவிடும். படம் பொருந்தவில்லை என்பதற்காக மட்டும் ஒரு பாட்டைக் கழிக்காதீர்கள். அங்கே காதைத்தான் நம்ப வேண்டும்.

இதற்குள் அண்ணனிடமிருந்து இன்னொரு தகவலும் வந்திருந்தது. அந்தப் பக்கத்தில் மொத்தமே இரண்டு பாட்டுதான், இரண்டாவது முடிந்ததும் டக்கென்று பட்டன் எழும்பிவிடும் என்றார். அட்டை அச்சிட்ட, கடையில் வாங்கிய கேசட் என்பதும் அவருக்கு உறுதி. இது பொன்னான செய்தி. கடையில் விற்ற கேசட் பெரும்பாலும் இசைத்தட்டின் பக்கங்களைப் போலவே இருக்கும், ஒரு பக்கம் இருபது நிமிடத்தைச் சுற்றி. முதல் பாட்டுக்குப் பதினாலு போனால் இரண்டாவதற்கு ஆறு, ஏழு நிமிடம். அதாவது முதல் பக்கத்தில் இரண்டே பாட்டுகள் உள்ள, முதல் பாட்டே நீண்ட பாட்டான ஒரு ஆல்பம். வெற்று கேசட்டில் பதிவு செய்து வைத்ததாக இருந்தால் இந்தக் கணக்கு செல்லாது. அதில் யார் எதை எந்த வரிசையில் பதிந்தார்கள் என்பது அவரவர் விருப்பம்.

இத்தனையும் பொருந்தியது ஒரே ஆல்பம். டயர் ஸ்ட்ரெய்ட்ஸ் குழு 1982-இல் வெளியிட்ட ‘லவ் ஓவர் கோல்டு’. மொத்தமே ஐந்து பாட்டு. முதல் பாட்டு ‘டெலிகிராஃப் ரோடு’, பதினாலு நிமிடத்துக்குச் சற்று மேல். குரல் வருவது இரண்டு நிமிடம் கழித்துத்தான். கடைசி நாலு நிமிடம் மார்க் நாஃப்லரின் கிட்டார், அப்படியே வேகமெடுத்துத் தேய்ந்து போகும். இரண்டாவது பாட்டு ‘பிரைவேட் இன்வெஸ்டிகேஷன்ஸ்’, ஏழு நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவு.

தேடியவருக்குப் போட்டுக் காட்டுவதிலும் ஒரு முறை இருக்கிறது. ஆசைப்பட்டுத் தேடுபவர் முதலில் கேட்பதையே ‘இதுதான்’ என்று சொல்லிவிடக்கூடும், அது மனித இயல்பு. அதனால் பேரைச் சொல்லாமல், முதலில் பிங்க் ஃபிளாய்டைப் போட்டேன். அண்ணன் பொறுமையாகக் கேட்டார். "நல்லாருக்கு, ஆனா இது இல்ல. இதுல ஆள் இன்னும் வரலயே" என்றார். பிறகு டெலிகிராஃப் ரோடு. நூல் போல அந்தச் சத்தம் எழுந்து பியானோ தொட்டதுமே நிமிர்ந்து உட்கார்ந்தார். ஆனாலும் அதோடு நான் விடவில்லை. அடுத்த பாட்டு எப்படி இருக்கும் என்று, அதைப் போடுவதற்கு முன்பே கேட்டேன். "பாடவே மாட்டான், பேசற மாதிரி இருக்கும். நம்ம வீட்டு கிட்டார் மாதிரி, கரண்ட் இல்லாத கிட்டார்" என்றார். பிரைவேட் இன்வெஸ்டிகேஷன்ஸ் அச்சாக அப்படித்தான். தாழ்ந்த பேச்சுக் குரல், விரலால் மீட்டும் நைலான் நரம்புக் கிட்டார். தேடலில் பயன்படுத்தாத ஒரு விவரம் இப்படித் தானாக ஒத்துப்போவதுதான் உண்மையான உறுதி.

பாட்டு எதைப் பற்றியது என்று அண்ணன் கேட்டார். ஒரு ஆள் முதுகில் மூட்டையோடு ஒற்றையடிப் பாதையில் வந்து ஒரு காட்டில் வீடு கட்டுகிறார். பின்னாலேயே ஆட்கள் வருகிறார்கள், சர்ச் வருகிறது, பள்ளிக்கூடம் வருகிறது, வக்கீல்கள் வருகிறார்கள், ரயில், சுரங்கம் எல்லாம் வருகின்றன. கடைசியில் வேலை போய்விடுகிறது. அமெரிக்காவின் டெட்ராய்ட் பக்கத்தில் உண்மையாகவே இருக்கும் ஒரு சாலையின் பேர்தான் தலைப்பு. அண்ணன் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. மூடிக் கிடக்கும் ஃபேக்டரிகளை இந்த மலையில் அவரும் பார்த்தவர்தானே.

நீளத்தை வைத்துத் தேடும்போது கவிழ்த்துவிடக்கூடிய ஒரு பொறி உண்டு. நீங்கள் நினைவு வைத்திருக்கும் நீண்ட முன்னிசை, பட்டியலில் தனிப் பாட்டாக இருக்கலாம். ஆலன் பார்சன்ஸ் பிராஜெக்டின் ‘ஐ இன் தி ஸ்கை’ அப்படித்தான். அதற்கு முன்னால் மெல்ல எழும் இசை ‘சிரியஸ்’ என்று தனியாக 1:54. பாட்டு 4:36. இரண்டும் இடைவெளி இல்லாமல் ஒட்டி ஓடும், கேட்பவருக்கு ஆறரை நிமிடப் பாட்டு. ஆறரை என்று தேடினால் எந்த நாளும் கிடைக்காது. அதனால் முழு நீளத்தில் அகப்படவில்லை என்றால், முன்னிசையைக் கழித்த நீளத்திலும் ஒருமுறை தேடிப் பாருங்கள். தமிழ்த் திரைப்பாட்டில் இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. படத்தில் வரும் பாட்டுக்கு முன்னால் பின்னணி இசையும் வசனமும் சேர்ந்து வீடியோவில் நீண்டிருக்கும், கேசட்டில் நேராகப் பாட்டே தொடங்கும். எதைக் கேட்டீர்கள், எதில் கேட்டீர்கள் என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். வானொலியில் கேட்டது என்றால் நீளத்தையே அவ்வளவு நம்ப வேண்டாம். நிகழ்ச்சிக்கு நேரம் போதாமல் நடுவிலேயே இறக்கியிருப்பார்கள்.

நீளம் என்பது பாட்டுக்குச் சொந்தமானதும் இல்லை, ஒரு பதிவுக்குச் சொந்தமானது. அண்ணனின் மருமகன் மறுநாளே காரில் போட ஒரு பென் டிரைவில் பாட்டை ஏற்றிக் கொடுத்தார். கோத்தகிரியிலிருந்து குன்னூர் போகும் வழியில் போட்டிருக்கிறார்கள். அண்ணன் எனக்குப் போன் செய்தார், "பாட்டு அதேதான், ஆனா எங்க பாட்டு இல்லடா" என்று. கோப்பின் நீளத்தைப் பார்க்கச் சொன்னேன். பன்னிரண்டு நிமிடம். அந்தக் குழுவின் 1988 தொகுப்பில் இந்தப் பாட்டின் மேடைப் பதிவைச் சுருக்கிச் சேர்த்திருக்கிறார்கள், அதுதான் இறங்கியிருக்கிறது. பதினாலு நிமிடத்துக்கு மேல் காட்டும், ஆல்பத்தின் பேர் லவ் ஓவர் கோல்டு என்று இருக்கும் கோப்பை எடுக்கச் சொன்னேன். மாற்றிக் கொடுத்திருக்கிறார்.